ஞாயிற்றுக்கிழமை வகுப்பு இல்லை

கேகாலை பஸ் நிலையத்துக்கு எதிரே, மருந்துக்கடைக்கு மேல்மாடியில் உட்கார்ந்துகொண்டு, கனடாவிலிருக்கும் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு மணியடிக்கிறவள் சசி. அந்தப் பள்ளிக்கூடத்தை அவள் நேரில் பார்த்ததில்லை. பனியையும் பார்த்ததில்லை. ஸ்காபரோவில் வாடகைக்கு எடுத்த ஒரு பாடசாலைக் கட்டடத்தில் சனிக்கிழமை சின்ன வகுப்புகளும் ஞாயிற்றுக்கிழமை பெரிய வகுப்புகளும் நடக்கும். எந்த வகுப்பு எத்தனை மணிக்கு, எந்த அறையில், புதுப் பிள்ளையைப் பதிவது எப்படி, பெற்றோருக்கு என்ன அறிவித்தல் என்பதெல்லாம் ஒரு வெப்சைட்டில் இருக்கும். அந்த வெப்சைட்டைக் கவனிப்பதுதான் சசியின் வேலை. அங்கே ஆள் வைத்தால் கட்டுப்படியாகாது என்று இங்கே வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டுப் பள்ளிக்கூடம், உள்நாட்டுக் கூலி.

கடை இப்திகார் நானாவுடையது. கல்யாண அட்டை, விசிட்டிங் கார்ட், நாலைந்து வெப்சைட் என்று கையில் கிடைத்ததைச் செய்து கடையை ஓட்டுகிறவர். நானா தமிழ் எழுதினால் எழுத்துப்பிழை பொங்கி வழியும். சசிக்கோ ஒரு ஒற்று தப்பினால் சோறு இறங்காது. அரநாயக்கப் பக்கத்து ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள். பால் வெட்டுகிற இருளப்பனின் இளைய மகள் கனடாவுக்குத் தமிழ் எழுதிக் கொடுக்கிறாள் என்று தோட்டத்தில் ஒரு பெருமை உண்டு. அந்தப் பெருமை அவளுக்கும் கொஞ்சம் இருந்தது. இல்லை என்று சொன்னால் அது பொய்.

பள்ளிக்கூடத்தின் பொறுப்பாளர் பரராஜசிங்கம் மாஸ்டர். யாழ்ப்பாணத்து மனிதர், ஊரில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாகத்தான் அனுப்புவார். காலையில் கோப்பியோடு உட்கார்ந்து பேசி அனுப்புவார். அவருடைய காலை சசிக்கு அந்தி. ஆனால் கிழமை இரண்டு பேருக்கும் ஒன்றுதான். அவருக்குச் சனி என்றால் இவளுக்கும் சனி.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருமுறை, "நாளை வகுப்புகள் நடைபெறா" என்று மாஸ்டர் சொன்னபடியே சசி போட்டுவிட்டாள். அந்த வரி ஒரு வாரம் அப்படியே கிடந்தது. பார்த்த நாளெல்லாம் மறுநாள் வகுப்பில்லை என்று நினைத்துக்கொண்டு பாதிப் பிள்ளைகள் வரவில்லை. மாஸ்டர் சிரித்துக்கொண்டே கண்டித்தார்.

"தங்கச்சி, இனிமேல் 'நாளை', 'நாளையிண்டைக்கு' எண்டு ஒண்டும் போடக்கூடாது. நான் எப்பிடிச் சொன்னாலும் நீங்கள் திகதியும் கிழமையும் பாத்துப் போடுங்கோ. வாசிக்கிற சனம் எந்த நாளில வாசிக்குதோ, ஆருக்குத் தெரியும்?"

சசி அதைச் சட்டமாக எடுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் போட்ட அறிவித்தல் எதிலும் 'நாளை' என்ற சொல் வந்ததேயில்லை.

அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் அவளுடைய அக்கா மல்லிகாவின் பிள்ளை கவிஷா இரண்டாம் வகுப்புப் படித்தது. சேர்க்கச் சொல்லி நச்சரித்தவளே சசிதான். மல்லிகா கல்யாணமாகிக் கனடா போய் பத்து வருஷத்துக்கு மேலாகிறது. புருஷன் நீண்டதூர லொறி ஓட்டுகிறவர். போனால் இரண்டு வாரம், வந்தால் இரண்டு நாள். மல்லிகா ஒரு பேக்கரித் தொழிற்சாலையில் பாணை உறையில் போடுகிற வேலை செய்தாள். பிள்ளை தொலைபேசியில் "ஹாய் சித்தி" என்பதோடு நிறுத்திக்கொள்ளும். அதற்குமேல் எல்லாம் இங்கிலீஷ். இங்கே இருளப்பன் பேத்தியின் முகத்தைத் திரையில் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டிருப்பார்.

"வேணாம்டி சசி" என்று மல்லிகா முதலில் மறுத்தாள். "அங்க வர்ற யாழ்ப்பாணத்துக்காரங்க பேசுறது வேற, நாம பேசுறது வேற. எந்த ஊருன்னு கேப்பாங்க. கேகாலைன்னா மூஞ்சியப் பாப்பாங்க."

"பாத்தா பாத்துட்டுப் போறாங்கக்கா. தமிழ் என்னா அவங்க வீட்டு சொத்தா?"

மல்லிகா பிள்ளையைச் சேர்த்தாள். பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவிலும் சேர்ந்தாள். முதல் வாரமே அவள் ஏதோ கேட்டுக் குரல் செய்தி அனுப்ப, யாரோ ஊர் கேட்டார்கள். சொன்னாள். "அங்கயும் தமிழ் ஆக்கள் இருக்கினமோ?" என்று ஒருத்தி எழுதினாள். பக்கத்தில் இரண்டு சிரிப்பு முகம். கேட்டவள் வில்லங்கமாகக் கேட்டாளோ, வெகுளியாகக் கேட்டாளோ, அது அவளுக்குத்தான் வெளிச்சம். மல்லிகா அன்றே குழுவிலிருந்து வெளியேறிவிட்டாள். பிள்ளையையும் நிறுத்தப் போனாள்.

"குரூப்பு என்னாத்துக்குக்கா? எல்லாத்தையும் சைட்ல நாந்தானே போடுறேன். அதப் பாத்தா போதும். ஒந்தங்கச்சி எழுதுறத நீ படிக்கிற, அவ்வளவுதான்" என்றாள் சசி.

மல்லிகாவுக்கு அது பிடித்துப்போயிற்று. வெள்ளிக்கிழமை இரவும் சனிக்கிழமை காலையும் சைட்டைத் திறந்து பார்ப்பது அவளுக்குப் பழக்கமாயிற்று. உள்ளதைச் சொன்னால், அந்தச் சைட்டை ஒழுங்காகப் படித்த ஒரே தாய் அவளாகத்தான் இருப்பாள். குழுவில் இருக்கிறவர்களுக்கு சைட் எதற்கு?

தை மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை. சசி காலை பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தாள். கொண்டக்டர் "இஸ்ஸரஹட்ட யன்ன, இஸ்ஸரஹட்ட" என்று எல்லோரையும் முன்னால் தள்ளிக்கொண்டிருந்தான். மாஸ்டரிடமிருந்து குரல் செய்தி வந்தது. இந்த நேரத்தில் அவர் அனுப்புவதில்லை. ஃபோனைக் காதில் அழுத்திக் கேட்டாள்.

"தங்கச்சி, இஞ்ச சரியான சினோ கொட்டுது. குளிரும் கடுமை. நாளைக்குக் கட்டடத்தைத் திறக்கமாட்டினமாம், இப்பதான் அறிவிச்சவை. குறூப்பில நான் சொல்லிப்போட்டன். நாளைக்கு வகுப்பு இல்லை எண்டு நீங்கள் சைற்றில உடன போட்டுவிடுங்கோ."

சட்டம் தெரிந்த பெண். 'நாளை' என்று போடமாட்டாள். ஃபோனில் பார்த்தாள். சனிக்கிழமை. நாளை ஞாயிறு. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுகைப் பெருவிரலால், திகதியோடு, பிழையில்லாமல் எழுதினாள்: "கடும் பனிப்பொழிவு காரணமாக ஞாயிற்றுக்கிழமை வகுப்புகள் நடைபெறா." 'பனிப்பொழிவு' என்பதில் ஒற்று மிகுமா மிகாதா என்று ஒரு நிமிஷம் யோசிக்கவும் செய்தாள். மிகும். போட்டுவிட்டாள். மாஸ்டருக்கு "போட்டாச்சு" என்று ஒரு செய்தி. அவர் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

படுக்கப் போனார் என்பதை அவள் யோசித்திருக்க வேண்டும். அங்கே அப்போது வெள்ளிக்கிழமை இரவு. அவருடைய நாளை, இவள் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்த அதே சனிக்கிழமை. ஒற்றைப் பார்த்தவள் இதைப் பார்க்கவில்லை.

அன்றைக்குக் கடையில் வேலை நெருக்கியது. யாரோ ஒருவரின் கல்யாண அட்டையில் மாப்பிள்ளையின் பேர் பிழையாகிப்போய் இப்திகார் நானா தலையில் கைவைத்துக்கொண்டிருந்தார். அந்தியில் சசி மறுபடி பஸ் ஏறினாள். பாதி வழியில் மல்லிகா அழைத்தாள். இரைச்சலில் ஒன்றும் விளங்கவில்லை. "கிளாஸ்..." என்ற சொல் மட்டும் இரண்டு தரம் கேட்டது. சசி அழைப்பைத் துண்டித்துவிட்டு எழுதினாள்: "சைட்ல போட்டிருக்கேன், பாருக்கா."

மல்லிகா பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமைதான் இல்லை. அப்படியென்றால் சனி உண்டு. பிள்ளையை உடுத்தி, தொப்பி போட்டு, கையுறை மாட்டிக் காரில் ஏற்றினாள். வேலை தொடங்குவதற்குள் போயாக வேண்டும் என்பதால் பள்ளிக்கூட வாசலுக்கு எப்போதும் முதலில் வருகிற பிள்ளை கவிஷாதான். காவலாளி உள்ளே இருப்பான், மணியை அமத்தினால் திறப்பான். அன்றைக்கு மல்லிகாவின் காருக்குப் பின்னால் பனி வழிக்கிற பெரிய வாகனம் வந்து ஹோன் அடித்துக்கொண்டு நின்றது. பிள்ளை படி ஏறுவதைப் பார்த்தாள். காரை எடுத்தாள்.

இதெல்லாம் சசிக்குப் பிறகு தெரிந்தது. வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தபோது மாஸ்டரிடமிருந்து ஒரு படம் வந்தது. ஜன்னலுக்கு வெளியே எல்லாம் வெள்ளை. கூடவே குரல்: "பாருங்கோ தங்கச்சி, எங்கட காரைக் காணேல்லை! இண்டைக்கு வகுப்பு இல்லாதது நல்லதாப் போச்சு. கனகாலத்துக்குப் பிறகு சனிக்கிழமையில வீட்டில இருக்கிறன்."

சசி சோற்றைப் பிசைந்த கையோடு அப்படியே இருந்தாள். இண்டைக்கு. சனிக்கிழமை.

மல்லிகாவை அழைத்தாள். மணி போய்க்கொண்டேயிருந்தது. தொழிற்சாலையில் ஃபோனை லொக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். மறுபடி அழைத்தாள். மறுபடி. பிறகு மாஸ்டரை அழைத்தாள்.

"மாஸ்டர், தப்பு பண்ணிட்டேன். ஞாயிறுன்னு போட்டுட்டேன். நீங்க நாளைன்னீங்க, எனக்கு நாளை ஞாயிறு. எங்க அக்கா புள்ள ஸ்கூல் வாசல்ல நிக்குது. கவிஷா. ரெண்டாம் வகுப்பு. ஓடிப்போய்ப் பாருங்க மாஸ்டர், ஓடிப்போய்ப் பாருங்க!"

"ஐயோ" என்றார் அவர். "ஐயோ, தங்கச்சி." சப்பாத்தைத் தேடுகிற சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. எட்டாயிரம் மைலுக்கு அப்பால் ஒரு பிள்ளை பனியில் நிற்கிறது, இவள் கையில் ஃபோன் மட்டும் இருக்கிறது. என்ன செய்வாள்? தப்பைக் கண்டால் உடனே திருத்து என்பது கடையில் பழகிய பழக்கம். இன்னும் யாராவது பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விடக்கூடாதே என்ற பதைப்பு வேறு. அறிவித்தலைத் திறந்தாள். 'ஞாயிற்றுக்கிழமை'யை அழித்துச் 'சனிக்கிழமை' என்று எழுதினாள். திகதியை மாற்றினாள். சேமித்தாள். நல்ல மனசோடு செய்த காரியம்தான். நல்ல மனசு எல்லா நேரமும் நல்லது செய்யுமா என்ன?

மாஸ்டர் போனபோது அம்புலன்ஸ் முந்திவிட்டது. நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கப் போன ஒரு கிழவர், கட்டடத்தின் பின்பக்கம் காற்று அடிக்காத மூலையில் பிள்ளை சுருண்டு கிடந்ததைப் பார்த்திருக்கிறார். மணியை அமத்துவதற்காகக் கவிஷா இடதுகைக் கையுறையைக் கழற்றியிருக்கிறது. காற்று அதைக் கொண்டுபோய்விட்டது. பிறகு வெறுங்கையால் கதவைத் தட்டியிருக்கிறது. ஒவ்வொரு கதவாகப் போய்த் தட்டியிருக்கிறது. உள்ளேதான் யாருமே இல்லையே.

உயிர் பிழைத்தது. இடதுகையில் மூன்று விரல் கறுத்துப்போயிற்று. உடனே வெட்டமாட்டார்களாம். எது செத்தது, எது உயிரோடிருக்கிறது என்று தெளிவாகத் தெரிய வாரக்கணக்காகுமாம், அதுவரைக்கும் கட்டுப்போட்டு வைத்திருப்பார்களாம். மாஸ்டர் இதைச் சொல்லக் கேட்ட சசி, அப்பாவிடம் "புள்ளைக்குக் காய்ச்சல்" என்று மட்டும் சொன்னாள்.

மல்லிகா இரண்டு நாள் கழித்துத்தான் பேசினாள். குரல் கரகரத்துப்போயிருந்தது.

"போலீசு வந்துச்சுடி. புள்ளைங்க விசயம் பாக்குற ஆபீசுல இருந்தும் ஒரு பொம்பள வந்தா. மூடுன ஸ்கூல் வாசல்ல ஏன் விட்டுட்டுப் போனேன்னு கேக்குறாங்க. மொதல்லயே என் பேருல ஒரு பைல் இருக்குல்ல."

அது சசிக்குத் தெரியும். போன வருஷம் ஒருநாள் வேலை நேரம் இழுத்துக்கொண்டுபோக, பிள்ளை வீட்டில் தனியாக இருந்ததைப் பக்கத்து வீட்டுக்காரி சொல்லிக்கொடுத்துவிட்டாள். பட்ட காலிலேதானே படும்.

"நீ என்னாக்கா சொன்ன?"

"சைட்ல ஞாயித்துக்கெழமதான் இல்லன்னு போட்டிருந்துச்சுன்னு சொன்னேன். அந்தப் பொம்பள மொழிபெயர்ப்புக்கு ஒரு ஆளக் கூட்டியாந்து எம்முன்னாலயே சைட்டத் தொறந்து பாத்தா. சனிக்கிழமன்னு இருக்குடி. வெள்ளிக்கிழம ராத்திரி போட்டதுன்னு பக்கத்துல நேரமும் இருக்கு. என் போன்ல ஓம்மெசேஜையும் பாத்தாங்க. 'சைட்ல போட்டிருக்கேன், பாரு.' ஒங்களுக்குச் சொல்லியும் இருக்காங்களேங்குறாங்க." மூச்சை இழுத்துவிட்டாள். "நான் ஞாயிறுன்னுதான்டி பாத்தேன். ஞாயிறுன்னுதானே இருந்துச்சு?"

சசிக்கு அப்போதுதான் விளங்கியது. அறிவித்தலைத் திருத்தினால் எழுத்துதான் மாறும். முதலில் போட்ட நேரம் அப்படியே நிற்கும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு, வெள்ளிக்கிழமை இரவே 'சனிக்கிழமை இல்லை' என்று சரியாகப் போட்டு வைத்தது போலத்தான் தெரியும். பழைய எழுத்து உள்ளே, கடவுச்சொல் உள்ளவர்கள் மட்டும் போகிற பக்கத்தில் இருக்கும்.

"நான்... பாத்துட்டுச் சொல்றேங்க்கா" என்றாள்.

பார்த்துவிட்டுச் சொல்வதற்கு அதில் என்ன இருந்தது? ஆமாம், ஞாயிறுதான், நான் பிறகு மாற்றிவிட்டேன் என்று ஒரு வாக்கியம். அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. மூன்று விரலைத் தின்றது என் ஒரு சொல் என்று கூடப்பிறந்தவளிடம் எப்படிச் சொல்வது? கோழை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த ஒரு நொடியை அவள் கோட்டைவிட்டாள்.

அடுத்த நாள் கடைக்கு மாஸ்டர் அழைத்தார். நானா ஒலிபெருக்கியில் போட்டார்.

"தங்கச்சி, கமிட்டி கூடினது. ஒருத்தரும் பொய் சொல்லச் சொல்லேல்லை. அவை சைற்றைப் பாத்தினம், அதில சரியாத்தான் இருக்கு. முந்தி என்ன இருந்தது எண்டு எங்களை ஒருத்தரும் கேக்கேல்லை. நாங்களாப் போய்ச் சொன்னால் கட்டடத்தைத் திருப்பித் தரமாட்டினம். இத்தனை பிள்ளையளின்ர பள்ளிக்கூடம். எனக்கு மட்டும் நித்திரை வருதே? உங்கட அக்காவுக்கு நல்ல லோயர் பிடிச்சுக் குடுப்பம், செலவு நாங்கள் பாக்கிறம்."

பேசி முடித்ததும் இப்திகார் நானா கொஞ்ச நேரம் மவுஸை உருட்டிக்கொண்டிருந்தார். கெட்ட மனிதர் இல்லை. போன மழைக்கு லயத்துக்குப் பின்னால் மண் சரிந்தபோது வேன் பிடித்து வந்து குடும்பத்தையே தன் வீட்டில் வைத்துக்கொண்டவர்.

"சசி, ஒனக்கு நான் வாப்பா மாதிரி சொல்றன். இது வெளிய வந்தா நாளைக்கி ஒருத்தனும் இந்தக் கடைக்கி வேல தரமாட்டான். ஒன்னயும் சேத்துத்தான். அக்காட விசயம் அங்க லோயர் பாத்துக்குவாரு. கொஞ்சம் பொறுத்துப் பாரு."

பொறுத்துப் பார்த்தாள். அதுதான் அவள் செய்தது. கேட்கிறவர்களுக்கெல்லாம் நியாயம் இருந்தது. மாஸ்டருக்குப் பள்ளிக்கூடம், நானாவுக்குக் கடை, இவளுக்கு வேலை. நியாயமே இல்லாமல் நின்றவள் மல்லிகா ஒருத்திதான், அவள் சொன்னதுதான் உண்மை. அந்த உண்மையை எழுதியவளும் அழித்தவளும் இங்கே கேகாலையில் உட்கார்ந்து கல்யாண அட்டை அடித்துக்கொண்டிருந்தாள்.

மல்லிகா நடுநடுவே பேசினாள். ஒருநாள் பிள்ளை கஞ்சி குடித்தது என்றாள். ஒருநாள், ஆஸ்பத்திரியிலிருந்து விடும்போது பிள்ளை தன்னோடு வருமா, அரசாங்கம் பார்த்துவைக்கிற வேறு வீட்டுக்குப் போகுமா என்பது விசாரணையைப் பொறுத்ததாம் என்றாள். சைட் பற்றி அவள் மறுபடி கேட்கவேயில்லை. அது சசிக்குப் பயமாகவும் இருந்தது, ஆறுதலாகவும் இருந்தது. அந்த ஆறுதலை நினைத்தால் அவளுக்கே தன்மேல் அருவருப்பு வந்தது.

பிறகு ஒருநாள் சசி கடையில் இருக்கும்போது மல்லிகா ஆஸ்பத்திரியிலிருந்து வீடியோவில் வந்தாள். பிள்ளையின் முகம் சிறுத்து, கண் மட்டும் பெரிதாக இருந்தது. இடதுகை வெள்ளைப் பொட்டலமாகப் போர்வைமேல் கிடந்தது.

"ஹாய் சித்தி" என்றது.

"ஹாய்டா தங்கம்."

பிள்ளை தாயைப் பார்த்தது. பிறகு திரையைப் பார்த்தது. வார்த்தை வார்த்தையாகத் தேடித் தமிழிலேயே சொன்னது, அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழில். "நான் தட்டினேன், சித்தி. நிறையத் தட்டினேன். டீச்சர் திறக்கவில்லை."

சசி ஃபோனை வைத்துவிட்டு எழுந்தாள். இப்திகார் நானா ஏதோ கேட்டார். காதில் விழவில்லை. கம்ப்யூட்டரில் சைட்டின் உள்பக்கத்தைத் திறந்து, அந்த அறிவித்தலின் பழைய திருத்தங்களுக்குப் போனாள். இடதுபக்கம் சிவப்பில் 'ஞாயிற்றுக்கிழமை', வலதுபக்கம் பச்சையில் 'சனிக்கிழமை'. மேலே மாற்றியவரின் பேர், மாற்றிய நாள், நேரம். எல்லாம் ஒழுங்காக இருந்தது. யந்திரத்துக்குப் பயமில்லை, அது எதையும் மறைக்கவில்லை.

நானா பின்னால் வந்து நின்று பார்த்தார். என்ன செய்யப்போகிறாள் என்று அவருக்கு விளங்கிவிட்டது.

"சசி" என்றார்.

"மன்னிச்சுக்குங்க நானா. என்னால முடியல."

அவர் தடுக்கவில்லை. நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார். சசி திரையைப் படம் எடுத்து மல்லிகாவுக்கு அனுப்பினாள். கீழே எழுதினாள்: "அக்கா, ஞாயிறுன்னுதான் இருந்துச்சு. தப்பா போட்டது நானு. புள்ள வாசல்ல நிக்கிதுன்னு தெரிஞ்சப்ப சனின்னு மாத்துனதும் நானு. இத அந்த ஆபீஸ்ல காட்டு. லோயர்கிட்ட குடு. யாரு கேட்டாலும் நான் சொல்றேன்."

பார்த்துவிட்டாள் என்று இரண்டு கோடு நீலமாயிற்று. பிறகு ஃபோன் அடித்தது. மல்லிகா ஒரு நடைபாதையில் நின்றாள், பின்னால் யாரோ வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"இது எப்ப இருந்து ஒங்கிட்ட இருக்கு?"

"அன்னையில இருந்துக்கா."

"நான் ஒங்கிட்ட கேட்டன்னிக்கி?"

"இருந்துச்சு."

மல்லிகா திட்டுவாள் என்று சசி காத்திருந்தாள். நாயே பேயே என்று ஏசியிருந்தால் காலில் விழுந்து அழுதிருக்கலாம். மல்லிகா ஏசவில்லை. மெதுவாக, யாரிடமோ சொல்வது மாதிரிச் சொன்னாள்.

"நேத்து கையெழுத்து வச்சுட்டேன்டி. அறிவித்தல நான் சரியாப் பாக்காம புள்ளய விட்டுட்டுப் போனேன்னு. ஒத்துக்கிட்டா சீக்கிரம் முடியும்னு லோயர் சொன்னாரு. புள்ள நாளன்னிக்கி வேற வீட்டுக்குப் போகுது."

"அக்கா, அவரு சொன்னாருன்னு நீ ஏன்க்கா? நீதான் கண்ணால பாத்தியே!"

"பாத்தேன். ஆனா சைட்ல சனின்னு இருக்குதே. நீ எழுதுனது. நீ தப்பா எழுத மாட்டல்ல. அதான் நெனச்சுக்கிட்டேன், இங்க வந்து இத்தன வருசமாச்சே, எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாமப் போயிருச்சு போலன்னு. அதையும் அதுல எழுதச் சொல்லிக் கையெழுத்து வச்சேன்டி."